பழைய பெயரில் கையெழுத்து

அந்த அம்மாவை முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மேற்கு டெல்லி நீதிமன்ற வளாகத்தில் நோட்டரி குக்ரேஜா சாப்பின் அறை வாசலில் தட்டச்சு மேசை போட்டு உட்கார்ந்து இருபத்தேழு வருஷமாகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அவசரத்தில்தான் வருவார்கள். ஆனால் இவள் வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையில் இருந்த முத்திரைத்தாளை என் விசைப்பலகை மேலேயே வைத்தாள். நான் அடித்துக்கொண்டிருந்த வாடகை ஒப்பந்தத்தில் பதினோரு வரிக்கு ஒரே எழுத்து விழுந்தது.

"இதப் படி பாபு. இது சரியா தப்பா சொல்லு."

அவள் ஹரியானா எல்லையை ஒட்டிய கிராமத்துக்காரி. அந்தப் பக்கத்தில் ஜட்ஜ் ஆனாலும் எருமை ஆனாலும் 'நீ'தான். இத்தனை வருஷத்தில் எனக்கும் அது பழகிவிட்டது. வயது நாற்பது இருக்கும். காலையில் இரண்டு எருமை கறந்து, எட்டு வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு, பேருந்து பிடித்து வந்திருந்தாள். முந்தானை தலையில் இருந்தது. பேச்சில் மட்டும் எந்த முக்காடும் கிடையாது.

தாளைப் படித்தேன். வேறு யாரோ ஒரு தட்டச்சுக்காரர் அடித்துக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம். 'பதேரி தேவி, தாரா தேவி என்ற இரண்டு பெயர்களும் ஒரே நபரான என்னையே குறிக்கும் என்று உறுதி கூறுகிறேன்' என்று இருந்தது.

"எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"என் பேர மாத்தணும். பொண்ணோட ஸ்கூல்ல கொண்டுபோய்க் குடுத்தேன். இது செல்லாதுன்னு அங்க இருக்கற கிளார்க் திருப்பிக் குடுத்துட்டான்."

கிளார்க் சொன்னது சரி. ஒருவருடைய பெயர் ஒரு சான்றிதழில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால், இரண்டும் நான்தான் என்று சொல்ல இந்த வாசகம் போதும். பெயரை மாற்றுவது வேறு சங்கதி. பழையதை விட்டுவிட்டேன், இனி இதுதான் என்று எழுத வேண்டும். பத்திரிகையில் போட வேண்டும். அப்புறம் அரசிதழில் அச்சாக வேண்டும். அதை அவளுக்கு விளக்கினேன்.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து அந்த வரியை மெதுவாகக் கூட்டிப் படித்தாள். "இரண்டு பேரும் என்னையே குறிக்கும். அப்படின்னா பழையவ இன்னும் இருக்கானு அர்த்தம்?"

"ஆமா. இந்தத் தாள்படி இருக்கா."

"அப்ப இதக் கிழிச்சிரு."

நான் கிழிக்கவில்லை. அவளே கிழித்தாள்.

பதேரி என்றால் அந்தப் பக்கத்து மொழியில் 'நிறைய ஆச்சு, போதும்' என்று பொருள். நம் ஊரில் போதும்பொண்ணு, வேண்டாம் என்றெல்லாம் வைத்தார்களே, அந்த மாதிரிப் பெயர். மூன்று பெண்களுக்குப் பிறகு நாலாவதாக இவள் பிறந்ததும் அப்பா வைத்தார். அடுத்தது பையன் பிறந்துவிட்டான். அதனால் பெயருக்கு வீட்டில் பெரிய மதிப்பு வந்துவிட்டது. பேர் பலித்தது, ராசிக்காரி என்று கல்யாணம் ஆகிற வரைக்கும் கொஞ்சினார்களாம். பிறந்த வீட்டில் யாரும் அவளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

இதையெல்லாம் அவள் முகம் மாறாமல் சொன்னாள், பால் விலை சொல்கிற குரலில். பெண்ணைப் பற்றிப் பேசும்போதுதான் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டாள். பெண் அன்ஷு ஒன்பதாவது படிக்கிறாள். ஒன்பதாவதில் பொதுத்தேர்வு போர்டுக்குப் பெயர் பதிவார்கள். அதில் தாய் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே பதிவது பத்தாவது சான்றிதழில் அப்படியே வரும். சான்றிதழ் காலத்துக்கும் கூட வரும்.

"அவ என்னவா வேணா ஆகட்டும். டாக்டராகட்டும், போலீசாகட்டும். எவனாவது அந்தத் தாளை எடுத்துப் படிப்பான் இல்ல? 'உங்க அம்மா பேரு போதும்மா?'ன்னு சிரிப்பான். அவ தலை குனிவா. என்னைச் சொல்லிச் சிரிச்சாங்க, நான் தாங்கிக்கிட்டேன். அவ எதுக்குத் தாங்கணும்?"

செப்டம்பர் கடைசிக்குள் அரசிதழ் நகல் வந்தால் புதுப் பெயரைப் பதிவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அப்போது ஜூலை பாதி. நேரம் இருந்தது.

தாரா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஏதாவது அழகான கதை சொல்வாள் என்று நினைத்தேன்.

"எழுத சுலபம்" என்றாள்.

போன வருஷம் அங்கன்வாடியில் மத்தியான நேரத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்களாம். பத்துப் பதினைந்து நாளில் யாரும் பார்த்துச் சொல்லாமல் இவளாக எழுதிய முதல் வார்த்தை அது. அதையே எடுத்துக்கொண்டாள். அதுவரை எங்கேயும் கட்டைவிரல்தான். ரேஷன் கடையில், பால் கூட்டுறவில், ஓட்டுப் போடுகிற இடத்தில், பெண்ணின் பள்ளிப் பதிவேட்டில். மை துடைக்கத் துணி கூடத் தரமாட்டார்கள், தலைமுடியில் தேய்த்துக்கொண்டு வருவாளாம். இப்போது 'தாரா தேவி' என்று கையெழுத்துப் போடுவாள். நான் கேட்காமலே ஒரு வீணான தாளில் போட்டுக் காட்டினாள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே நின்றது.

புதுப் பத்திரம் அடித்தேன். இந்தியில் வேண்டும், தான் படிக்க முடிய வேண்டும் என்றாள். 'நான், தாரா தேவி, இதற்கு முன் பதேரி தேவி என்று அறியப்பட்டவர், ராம்மேஹரின் மனைவி, இன்ன விலாசத்தில் வசிப்பவர், உறுதிபடக் கூறுவதாவது. ஒன்று, என் பழைய பெயர் பதேரி தேவி. இரண்டு, சொந்தக் காரணங்களால் அதைத் தாரா தேவி என்று மாற்றிக்கொண்டேன். மூன்று, இனி எல்லாக் காரியங்களுக்கும் தாரா தேவி என்றே அறியப்படுவேன். நான்கு, கடனையோ வழக்கையோ தட்டிக்கழிக்க இந்த மாற்றம் செய்யப்படவில்லை.' கீழே, மேற்கண்டவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை, எதையும் மறைக்கவில்லை என்ற சரிபார்ப்பு வாசகம்.

விரலை ஓட்டிப் படித்துக்கொண்டே வந்தவள் இரண்டாவது பத்தியில் நிறுத்தினாள்.

"சொந்தக் காரணம்னு போட்டிருக்க. என்னோடதா காரணம்? இது எங்க அப்பாவோட காரணம் இல்ல?"

"பெஹன்ஜி, எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம். ஜோசியர் சொன்னார்னு மாத்தறவனுக்கும் அதான், மதம் மாறினவனுக்கும் அதான்."

"எல்லாருக்கும் போடறத எனக்கும் போட்டா அது எப்படி சொந்தக் காரணம் ஆகும்?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வாசகம் அப்படியே இருந்தது. அவளும் மேலே வற்புறுத்தவில்லை. குக்ரேஜா சாப் தலையை நிமிர்த்தாமல் ஆதாரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பதிவேட்டில் ஏற்றினார், சிவப்பு முத்திரையை ஒட்டிக் குத்தினார். அவள் கையெழுத்தை முடிக்க நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். வேறு நாளாயிருந்தால் சாப் கத்தியிருப்பார். அன்று ஏனோ கத்தவில்லை.

அடுத்தது விளம்பரம். ஒரு இங்கிலீஷ் பத்திரிகை, ஒரு இந்திப் பத்திரிகை. பத்திரம் செய்த தேதியைக் குறிப்பிட்டு, 'பதேரி தேவி என்ற நான் என் பெயரைத் தாரா தேவி என மாற்றிக்கொண்டேன்' என்று இரண்டு வரி. வந்த அன்று இந்திப் பத்திரிகையை ஊரே படித்துவிட்டது. அவள் கணவர் ராம்மேஹர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், பேசவே மாட்டார். அவரை லாரி நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டு கேலி செய்திருக்கிறார்கள்.

"என்ன ராம்மேஹர், பழைய பொண்டாட்டியக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டியாமே? பேப்பர்லயே போட்டுட்டாங்களே!"

"ஆமா. எருமை அதேதான்" என்று சொன்னாராம் அவர். இதைச் சொல்லிவிட்டு அவள் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

ஊர்க்காரர்கள் பேச்சு லாரி நிறுத்தத்தோடு போயிற்று. பிறந்த வீட்டில்தான் வருத்தம். தம்பி போன் செய்து, அந்தப் பேரால்தானே நான் பிறந்தேன், அதை எதற்குக் கழிக்கிறாய் என்று அழுதானாம். 'நீ பொறந்தாச்சு இல்ல, இனி அது எதுக்கு?' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்றாவது கட்டத்தில்தான் தப்பு நடந்தது. தப்பு என்னுடையது. இதை நான் யார் தலையிலும் கட்ட முடியாது.

அரசிதழுக்கு அனுப்ப ஒரு மாதிரிப் படிவம் உண்டு. 'இதுவரை பதேரி தேவி என்று அறியப்பட்ட நான், ராம்மேஹரின் மனைவி, இன்ன தொழில் செய்பவர், இன்ன விலாசத்தில் வசிப்பவர், என் பெயரை மாற்றிக்கொண்டேன், இனி தாரா தேவி என்று அறியப்படுவேன். இது தொடர்பான மற்றச் சட்டத் தேவைகளை நிறைவேற்றியுள்ளேன் என்று சான்றளிக்கிறேன்.' அதற்குக் கீழே கையெழுத்து. இரண்டு சாட்சிகள். இதே வாசகத்தைக் கணினியில் அடித்து சிடியில் போட்டு, சிடியில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றே என்று ஒரு சான்று. போட்டோ, அடையாள அட்டை நகல், பத்திரம், விளம்பரம் வந்த பக்கங்கள். எல்லாம் சேர்த்து சிவில் லைன்ஸில் உள்ள பிரசுரத் துறையில் கொடுக்க வேண்டும். அரசிதழின் நாலாம் பகுதியில் சனிக்கிழமை அச்சாகும்.

அந்தக் கையெழுத்து பழைய பெயரில் இருக்க வேண்டும். படிவத்திலேயே அடைப்புக்குள் எழுதியிருக்கும். எனக்குத் தெரியாததா? ஆயிரம் பேருக்கு இங்கே, இங்கே என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறேன். அன்று எனக்குக் காய்ச்சல். படிவங்களை உறையில் போட்டு, வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அவளிடமே கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்ததை விரித்துக் கூடப் பார்க்காமல் சிவில் லைன்ஸுக்குக் கொண்டுபோய் வரிசையில் நின்றேன்.

கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர், பல வருஷப் பழக்கம். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பாபுஜி, நீங்களே இப்படிப் பண்ணலாமா? புதுப் பேர்ல போட்டுருக்காங்க. புதுப் பேர் அச்சாகற வரைக்கும் அப்படி ஒருத்தங்க எங்களுக்குக் கிடையாது. விடறவங்கதான விடறேன்னு கையெழுத்துப் போடணும்?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. உறையைத் திருப்பி வாங்கிக்கொண்டு மெட்ரோ ஏறினேன்.

மறுநாள் அவளிடம் சொன்னேன். புதுப் படிவம் எடுத்து வைத்து, கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். "இங்க பதேரி தேவின்னு போட்டாப் போதும். சாட்சி ரெண்டு பேரும் திரும்பப் போடணும். நாளைக்கே குடுத்துடலாம்."

அவள் பேனாவைத் தொடவில்லை.

"நான் அந்தப் பேர எழுதினதே இல்ல பாபு."

"தெரியும். இப்ப எழுதுங்க."

"நீ புரிஞ்சுக்கல. மத்தவங்க எழுதினாங்க. ரேஷன்காரன் எழுதினான், ஸ்கூல்காரன் எழுதினான். நான் விரலைத்தான் வச்சேன். என் கையால ஒரு தடவ கூட அத எழுதல. இப்ப எழுதினா, ஆமா, அது என் பேருதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். நாப்பது வருஷமா எங்க அப்பா சொன்னத நானும் சொல்றதா?"

"அப்ப விரல் வைங்க. நான் கேட்டுப் பாக்கறேன். சாட்சியோட கட்டைவிரல் வச்சா எடுத்துக்குவாங்க."

அது தெரியாத்தனமாகச் சொன்னது. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எழுதக் கத்துக்கிட்டு வந்து திரும்ப மை பூசிக்கவா?"

பேனாவை எடுத்து மூடினேன். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. அவள் மேல் இல்லை, என் மேல்தான். நான் அன்று உறையைப் பிரித்துப் பார்த்திருந்தால், இங்கே வைத்துச் சாதாரணமாக இடத்தைக் காட்டியிருந்தால், இவ்வளவு யோசிக்க அவளுக்கு நேரம் இருந்திருக்காது. மற்றவர்கள் மாதிரி சட்டென்று போட்டுவிட்டுப் போயிருப்பாள். இல்லை, அப்போதும் போட்டிருக்கமாட்டாளோ என்னவோ. கோபம் வந்தால் நான் கத்திவிடுவேன். கத்தினேன்.

"ஒரே ஒரு தடவ எழுதறதுக்கு இவ்வளவு அழிச்சாட்டியமா? தாராங்கறவ இன்னும் எந்த ஆபீஸ்லயும் பொறக்கல. பொறக்காதவ எப்படி இன்னொருத்தி பேர விட முடியும்? இருக்கறவதான் விட்டாகணும். உங்க பொண்ணு பேரு பதியற தேதி தெரியுமில்ல? இந்த ஒரு தடவதான். இதோட முடிஞ்சுது. அப்புறம் இந்த ஜென்மத்துல நீங்க அந்தப் பேர எழுத வேண்டியதில்ல. நான் சொல்றேன்."

அவள் என்னையே பார்த்தாள். "சத்தியமா?"

"சத்தியமா" என்றேன். தினமும் இருபது பேரைச் சத்தியம் செய்ய வைக்கிற இடம் அது. எனக்கு அந்த வார்த்தை நாக்கில் இல்லாத நேரமே கிடையாது.

படிவத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பது நாள் வரவில்லை. மேற்கொண்டு தள்ளினால் செப்டம்பருக்குள் அச்சாவது நிச்சயமில்லை. ராம்மேஹருக்கு போன் போட்டேன். "எழுதிக்கிட்டே இருக்கா, கிழிச்சிக்கிட்டே இருக்கா" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் வாங்க முடியாது. அன்ஷுவிடம் போனைக் கொடுத்தார்.

"அங்கிள், என்னை எழுதிக் காட்டச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன்" என்றது பெண். "எங்க அம்மாவுக்கு நான் அதையா சொல்லிக்குடுப்பேன்?"

அம்மாவுக்கு ஏற்ற பெண். எனக்கு அப்போது நாலு அறை கொடுக்கலாம் போல இருந்தது. பிறகு யோசித்தால் அவளும் வேறென்ன செய்வாள் என்றிருந்தது.

பத்தாம் நாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து நின்றாள். ராம்மேஹரும் லாரிக் கிளீனரும் கூட வந்திருந்தார்கள், சாட்சிக்கு. அவள் படிவத்தை மேசையில் விரித்து, இரண்டு பக்கமும் தடவி மடிப்பை நீக்கினாள். பென்சில் புள்ளி அப்படியே இருந்தது.

"யாரு சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. எழுத்து தெரியும், பேரு காதுல இருக்கு. சேத்து எழுதிப் பாத்தேன், வந்துருச்சு." பேனாவைத் திறந்தாள். "இந்த எழுத்தக் கத்துக்கிட்டதே அந்தப் பேர்லேந்து தப்பிக்கத்தான். இப்ப அதையும் எழுதத் தெரிஞ்சிருச்சு பாரு."

குனிந்து எழுதினாள். பதேரி தேவி. தாராவை விட இது நீளம், ஆனால் எழுத்துகள் கோர்வையாக விழுந்தன. ஒன்பது நாளில் எத்தனை தாளில் எழுதிக் கிழித்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதி முடித்து பேனாவை மூடும்போது கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. ராம்மேஹர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தன் பெயரைச் சாட்சி இடத்தில் எழுதினார்.

அன்றே சிவில் லைன்ஸுக்கு எடுத்துப் போனேன். அவளும் வருவேன் என்று கூடவே வந்தாள். கவுன்டர்காரர் பக்கம் பக்கமாகப் பார்த்து, கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"பதேரி தேவி யாரு?"

"நான்தான்" என்றாள் அவள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை இதழில் வந்தது. இணையத்தில் இறக்கி இரண்டு நகல் எடுத்து வைத்திருந்தேன். அவள் வந்து நின்றபடியே முழுதும் படித்தாள். 'இதுவரை' என்று தொடங்கி 'சான்றளிக்கிறேன்' வரைக்கும், கீழே அச்சாகியிருந்த பழைய பெயரையும் சேர்த்து. எங்கும் தடுமாறவில்லை. பள்ளியில் பதிந்துவிட்டார்கள். பதிவுச் சீட்டின் நகலைக் கொண்டுவந்து காட்டினாள், தாய் பெயர்: தாரா தேவி. கூடவே ஒரு லிட்டர் பால். வேண்டாம் என்று சொன்னால் இந்த ஊரில் அவமானம். வாங்கிக்கொண்டேன்.

அதோடு நான் அவளை மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். மறக்காமல் இருந்தால் இந்தத் தொழில் செய்ய முடியாது.

தீபாவளி கழிந்து ஒரு நாள், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து அதே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பையில் இருந்து படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வங்கி, ஆதார், ரேஷன், பால் கூட்டுறவு, வாக்காளர் பட்டியல். எல்லாவற்றிலும் ஒரு கட்டம் இருந்தது. 'முந்தைய பெயர்.'

எனக்குத் தெரிந்ததுதான் அது. அரசிதழ் வெறும் சாவி, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்க வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் பழைய பெயரைச் சொல்ல வேண்டும். அன்று கத்திய போதே தெரியும்.

"ஒரே ஒரு தடவன்னு சொன்ன" என்றாள்.

"சொன்னேன்."

"சத்தியம்னு சொன்ன."

"பொய்தான் சொன்னேன் பெஹன்ஜி. அன்னிக்கு நீங்க எழுதலேன்னா தேதி போயிருக்கும்." கையைக் கூப்பினேன். "மன்னிச்சுக்குங்க. குடுங்க, எல்லாத்தையும் நானே நிரப்பித் தர்றேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

படிவங்களை என் பக்கம் இழுத்தேன். அவள் உள்ளங்கையை அவற்றின் மேல் வைத்து நிறுத்தினாள்.

"வேணாம். பேனா மட்டும் குடு."

கொடுத்தேன். வங்கிப் படிவத்தை முதலில் எடுத்தாள். முந்தைய பெயர் என்ற கட்டத்தில், வேறெதையும் நிரப்பும் முன், 'பதேரி தேவி' என்று எழுதினாள். அடுத்ததை எடுத்தாள்.

"வேற யாராவது எழுதினா அவளத் துரத்தின மாதிரி இருக்கும் பாபு. இத்தனை வருஷம் பால் கறந்தவ அவ. நானே கூட்டிட்டுப் போய் வழியனுப்பிட்டு வந்துடறேன்."

ஐந்து படிவத்தையும் அவளே எழுதி முடித்தாள். அன்று அவளுக்குப் பின்னால் வரிசையில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். எல்லாரையும் அப்படியே நிற்கச் சொன்னேன்.